12 சதவீதக் கடன் உங்களுக்கு உண்மையில் எத்தனை சதவீதம்? வட்டி, தேய்மான வரிக் கவசத்தைக் கணக்குப் போடும் வழி

தொழிலுக்கு முதல் இயந்திரத்தைக் கடனில் வாங்கிய வருடம் நான் இரண்டு தவறுகள் செய்தேன். வங்கிக்குக் கட்டிய தவணை முழுவதையும் செலவு என்று கணக்கில் எழுதினேன். அப்புறம் வட்டியால் குறையும் வரியையும் தேய்மானத்தால் குறையும் வரியையும் ஒன்றாகக் கூட்டி, கடன் ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கை நம்பி இரண்டாவது கடனுக்கும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் லாபம் குறைந்தது, எதிர்பார்த்த வரிச் சேமிப்பு வரவில்லை, தவணை தேதி மட்டும் தவறாமல் வந்தது. அதிலிருந்து மீள ஒன்றரை வருடம் பிடித்தது. கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். நீங்கள் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரிக் கவசம் என்பது எளிய விஷயம்தான். வரி லாபத்தின் மேல் விழுகிறது. தேய்மானம் என்றால் இயந்திரத்தின் விலையைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்து ஆண்டுதோறும் செலவாகக் கழிப்பது. வட்டியும் தேய்மானமும் லாபத்தைக் குறைக்கின்றன. குறைந்த லாபத்துக்குக் குறைந்த வரி. அப்படிக் கட்டாமல் மிஞ்சும் வரிதான் கவசம்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் விலை 10,00,000. கையிலிருந்து 2,00,000, கடன் 8,00,000. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், மீதமுள்ள அசலின் மேல். நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஆண்டின் முடிவிலும் அசலில் 2,00,000 திரும்பக் கட்ட வேண்டும். வரி விகிதம் 25 சதவீதம். இவற்றை எந்த நாணயமாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் தவணை மாதாமாதம் வரும், ஆனால் கணக்கின் முறை மாறாது.

1. உங்களுக்குக் கவசம் உண்டா என்று முதலில் பாருங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகே மேலே போங்கள்.

முதலாவது, நீங்கள் எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள்? சிறு தொழில்களுக்குச் சில நாடுகளில் எளிய வரி முறை ஒன்று இருக்கும். விற்பனையில் இத்தனை சதவீதத்தை லாபமாக எடுத்துக்கொண்டு அதற்கு வரி கட்டிவிட்டுப் போகலாம். அந்த முறையில் செலவுகளைத் தனியாகக் கழிக்க இடமிருக்காது. வட்டியும் அங்கே லாபத்தைக் குறைக்காது, ஆகவே கவசமும் இல்லை. உங்களுக்கு 12 சதவீதக் கடன் என்றால் அது 12 சதவீதம்தான்.

இரண்டாவது, கடன் பணம் தொழிலுக்குப் போகிறதா? வட்டியைக் கழிக்க முடியுமா என்பதைப் பொதுவாகத் தீர்மானிப்பது பணம் எங்கே போனது என்பதுதான். தொழிலின் பெயரில் வாங்கிய கடனில் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்குப் போனால், அந்தப் பகுதிக்கான வட்டியைக் கழிக்க முடியாது.

மூன்றாவது, உங்களுடைய விளிம்பு வரி விகிதம் என்ன? கடைசியாகச் சம்பாதித்த 100-க்கு எத்தனை வரி கட்டுகிறீர்களோ அதுதான் விளிம்பு விகிதம். போன வருடம் கட்டிய மொத்த வரியை மொத்த லாபத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி. வட்டி லாபத்தின் மேல் நுனியிலிருந்துதான் கழிகிறது, ஆகவே கணக்குக்கு விளிம்பு விகிதமே வேண்டும். வரி அடுக்கடுக்காக உயரும் இடங்களில் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும்.

பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. வட்டிக்கும் தேய்மானத்துக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தில் 30 சதவீதம் போல ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்ட வட்டியை அந்த ஆண்டில் கழிக்க விடாத சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. சிறிய கடன்களுக்கு இவற்றில் பெரும்பாலும் விலக்கு இருக்கும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. வரிக்கு முந்தைய விகிதத்தைச் சரியாகப் பிடியுங்கள்

கவசத்தைக் கழிக்கும் முன், எதிலிருந்து கழிக்கிறோம் என்று தெரிய வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விகிதம் அநேகமாக அந்த எண் கிடையாது.

நம் உதாரணத்தில் கடனுக்கு 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 16,000-ஐப் பிடித்துக்கொண்டு 7,84,000 மட்டும் தருகிறார்கள். ஆனால் வட்டியும் அசலும் 8,00,000-க்குத்தான் கட்ட வேண்டும். வந்த பணத்தையும் போகும் தவணைகளையும் வரிசையாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள்:

```
A1:  784000
A2: -296000
A3: -272000
A4: -248000
A5: -224000

=IRR(A1:A5)
```

வந்த பணமும் போகும் தவணைகளும் சமமாகும் வட்டி விகிதத்தை IRR கண்டுபிடித்துத் தரும். விடை ஏறக்குறைய 13 சதவீதம். ஒரே ஒரு கட்டணம் விகிதத்தை 12-லிருந்து 13-க்கு ஏற்றிவிட்டது. கடன் காலம் குறையக் குறைய இந்த ஏற்றம் இன்னும் பெரிதாகும்.

இதைவிட மோசமான பொறி ஃபிளாட் வட்டி. அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி வரை ஆரம்ப அசல் முழுவதன் மேலும் வட்டி போடுவார்கள். 8,00,000-க்கு 7 சதவீத ஃபிளாட் என்றால் ஆண்டுக்கு 56,000 வட்டி, அசலோடு சேர்த்து 2,56,000 கட்ட வேண்டும். மேலே செய்தது போல ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் அது சுமார் 10.7 சதவீதம் என்று காட்டும். 7-ஐ எடுத்து அதிலிருந்து வரியைக் கழித்து "ஐந்தேகால்தான்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர்கள் கட்டுவது எட்டு.

இனி வரும் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகக் கட்டணத்தை விட்டுவிட்டு 12 சதவீதத்தோடு போகிறேன். உங்கள் கணக்கில் விடாதீர்கள். கட்டணத்தையும் செலவாகக் கழிக்க அனுமதி இருந்து, அதை நான்கு ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கழித்தால், வரிக்குப் பின் விகிதம் 9-க்குப் பதிலாக 9.8 சதவீதம் அளவில் வரும்.

3. வட்டியையும் அசலையும் பிரியுங்கள்

தவணையில் வட்டி மட்டுமே செலவு. அசல் என்பது நீங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது. அது வந்தபோது வருமானமாக வரி கட்டவில்லை, போகும்போதும் செலவாகக் கழியாது. நான் முதல் வருடம் 2,96,000 முழுவதையும் செலவில் எழுதியிருந்தேன். கழிக்க வேண்டியது 96,000 மட்டும். தாக்கல் செய்வதற்கு முன் ஆடிட்டர் கண்டுபிடித்ததால் அபராதம் இல்லாமல் தப்பித்தேன், ஆனால் கட்ட வேண்டிய வரி ஒரே நாளில் 50,000 கூடிவிட்டது.

வங்கி தரும் தவணை அட்டவணையில் ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். வட்டிப் பத்தியை மட்டும் எடுத்து வரி விகிதத்தால் பெருக்குங்கள். நம் உதாரணத்தில்:

| ஆண்டு | மீதி அசல் | வட்டி | குறையும் வரி | வரிக்குப் பின் வட்டி |
|---|---|---|---|---|
| 1 | 8,00,000 | 96,000 | 24,000 | 72,000 |
| 2 | 6,00,000 | 72,000 | 18,000 | 54,000 |
| 3 | 4,00,000 | 48,000 | 12,000 | 36,000 |
| 4 | 2,00,000 | 24,000 | 6,000 | 18,000 |

எந்த வரிசையை எடுத்தாலும் கடைசிப் பத்தியை மீதி அசலால் வகுத்தால் 9 சதவீதம் வரும். சூத்திரமாக எழுதினால்:

```
வரிக்குப் பின் விகிதம் = வட்டி விகிதம் × (1 − வரி விகிதம்)
                       = 12% × (1 − 0.25) = 9%
```

கவசம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதைக் கவனியுங்கள். முதல் ஆண்டு 24,000, கடைசி ஆண்டு 6,000. தவணைத் தொகை ஏறக்குறைய சமமாக இருக்கும் மாதத் தவணைக் கடன்களில் இது கண்ணில் படாது. அங்கே நீங்கள் கட்டும் தொகை அப்படியே இருக்க, அதில் வட்டியின் பங்கு மட்டும் குறைந்துகொண்டே வரும். நான்காம் ஆண்டிலும் முதல் ஆண்டு அளவுக்கே வரி குறையும் என்று நினைத்துப் பணத் திட்டம் போட்டால் கை கடிக்கும்.

4. தேய்மானத்தைத் தனித் தாளில் போடுங்கள்

இங்கேதான் நான் தடுமாறினேன், இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இயந்திரத்தின் 10,00,000-ஐ ஐந்து ஆண்டுகளில் நேர்கோட்டு முறையில் தேய்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,00,000 கழியும், அதனால் 50,000 வரி குறையும். முதல் ஆண்டில் வட்டியால் 24,000, தேய்மானத்தால் 50,000, ஆக மொத்தம் 74,000 வரி மிச்சம். கட்டிய வட்டி 96,000. ஆகவே கடனின் உண்மைச் செலவு 22,000 மட்டும், அது 8,00,000-க்கு 2.75 சதவீதம். இதுதான் நான் போட்ட கணக்கு. எண்கள் எல்லாம் சரி, முடிவு தவறு.

ஏன் தவறு? கடனே வாங்காமல், கையிலிருந்த காசைப் போட்டு அதே இயந்திரத்தை வாங்கியிருந்தாலும் அந்த 50,000 கிடைத்திருக்கும். தேய்மானக் கவசம் இயந்திரத்தின் சொத்து, அது கடனோடு சேர்ந்து வருவதில்லை. இரண்டு கடன்களை ஒப்பிடும்போதோ, கடனா சொந்தக் காசா என்று யோசிக்கும்போதோ தேய்மானத்தை உள்ளே கொண்டுவந்தால் எந்தக் கடனும் மலிவாகத்தான் தெரியும். அங்கே உங்கள் எண் 9 சதவீதம், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அப்படியானால் தேய்மானத்தை எப்போது சேர்க்க வேண்டும்? கடன் வாங்கி இயந்திரத்தைச் சொந்தமாக்குவதா, அதையே வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வி வரும்போது. வாடகைக்கு எடுத்தால் பொதுவாக உரிமையாளர்தான் தேய்மானத்தைக் கழிப்பார், நீங்கள் வாடகையைக் கழிப்பீர்கள். ஆகவே சொந்தமாக வாங்கும் பக்கத்தில் தேய்மானக் கவசம் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதைப் போட்டுப் பார்ப்போம். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர நம் 9 சதவீதத்தையே பயன்படுத்தலாம். ஓராண்டு கழித்து வரும் 1,09,000 இன்றைக்கு 1,00,000-க்குச் சமம், அவ்வளவுதான் விஷயம். வரிக்குப் பின் கடன் தவணைகளை 9 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் சரியாக 8,00,000 வரும். சொந்தக் காசு 2,00,000 சேர்த்தால் 10,00,000. இதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டு முடிவில் 50,000 வீதம் வரும் தேய்மானக் கவசத்தின் இன்றைய மதிப்பைக் கழியுங்கள், அது சுமார் 1,94,500. ஆக, இயந்திரத்தைச் சொந்தமாக்க உங்களுக்கு இன்றைய மதிப்பில் ஆகும் செலவு சுமார் 8,05,500.

இப்போது ஒருவர் ஆண்டு முடிவில் 3,00,000 வீதம் ஐந்து ஆண்டு வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். வரிக்குப் பின் அது ஆண்டுக்கு 2,25,000, இன்றைய மதிப்பில் சுமார் 8,75,000. வாங்குவதே ஏறக்குறைய 70,000 மிச்சம். தேய்மானத்தை மறந்து 10,00,000-த்தோடு ஒப்பிட்டிருந்தால், வாடகைதான் மலிவு என்று தலைகீழான முடிவுக்கு வந்திருப்பீர்கள். இந்த உதாரணத்தில் இரண்டு பக்கமும் சமமாகும் வாடகை சுமார் 2,76,000. பராமரிப்பு யார் பொறுப்பு, ஐந்தாண்டு முடிவில் பழைய இயந்திரம் என்ன விலைக்குப் போகும் என்பவற்றை இதன் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: முழுக்கத் தேய்த்துவிட்ட இயந்திரத்தை விற்றால், கிடைக்கும் பணத்துக்கு வரி வரும். அதையும் கழித்துத்தான் விற்பனை விலையை எழுத வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு பொறி. 9 சதவீதத்தில் ஏற்கெனவே வட்டியின் வரிச் சேமிப்பு அடங்கியிருக்கிறது. இயந்திரத்தால் வரும் வருமானத்தை 9 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்துவிட்டு, வருமானப் பட்டியலிலும் 24,000, 18,000 என்று வட்டிக் கவசத்தைச் சேர்த்தால் ஒரே சேமிப்பை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். திட்ட அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். தேய்மானக் கவசத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது வருமானப் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

5. லாபம் இரண்டு கவசத்தையும் தாங்குமா என்று பாருங்கள்

மேலே சொன்ன எல்லாமே, கழிப்பதற்குப் போதுமான லாபம் இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. லாபம் இல்லாவிட்டால் வரி இல்லை, வரி இல்லாவிட்டால் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. வட்டியும் தேய்மானமும் ஒரே லாபத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

முதல் ஆண்டில் உங்கள் லாபம், வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முன்னால், 2,50,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இல்லாமல் இருந்தால் 62,500 வரி கட்டியிருப்பீர்கள். தேய்மானம் 2,00,000, வட்டி 96,000 கழித்தால் 46,000 நட்டம். வரி பூஜ்யம். நீங்கள் எதிர்பார்த்த 74,000 மிச்சம் ஆகவில்லை, 62,500 மட்டுமே ஆனது. மீதி 11,500, நட்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி இருந்தால், அடுத்த ஆண்டு லாபம் வந்தால், அப்போது கிடைக்கும். ஓராண்டு தாமதத்தால் ஆகும் இழப்பு சுமார் 950, அது பெரிய தொகை கிடையாது. ஆனால் தவணை கட்ட அந்த 11,500-ஐ நம்பியிருந்தீர்கள் என்றால் அந்த மாதம் அதை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

இப்போது அதே ஆண்டில் குறையும் மதிப்பு முறையில், அதாவது ஒவ்வொரு ஆண்டும் மீதி மதிப்பில் 40 சதவீதம் தேய்க்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் ஆண்டுத் தேய்மானம் 4,00,000. தேய்மானம் மட்டுமே லாபத்தை விழுங்கிவிட்டு 1,50,000 நட்டத்தில் நிற்கிறது. வட்டி 96,000 முழுவதும் நட்டத்தின் மேல் ஏறுகிறது. அந்த ஆண்டில் வட்டியால் ஒரு காசு வரியும் குறையவில்லை, ஆகவே கடன் அந்த ஆண்டு உங்களுக்கு முழு 12 சதவீதமாகத்தான் ஓடுகிறது. லாபம் நன்றாக இருக்கும் தொழிலுக்கு வேகமான தேய்மானம் நிச்சயமாக நல்லது. நம் உதாரணத்தில், ஐந்தாம் ஆண்டு முடிவில் மீதி மதிப்பு முழுவதையும் கழித்துவிட முடிந்தால், தேய்மானக் கவசத்தின் இன்றைய மதிப்பு 1,94,500-லிருந்து சுமார் 2,06,400-க்கு உயரும். ஆனால் அந்த 12,000-ஐப் பெற முதல் ஆண்டிலேயே லாபம் வேண்டும்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாளில் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு எதிர்பார்க்கும் லாபத்தை, வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முன்னால், எழுதுங்கள். அதற்கடியில் தேய்மானம், அதற்கடியில் வட்டி. கூட்டுத்தொகை லாபத்தைத் தாண்டும் ஆண்டுகளில் கவசம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். லாபத்தை நீங்கள் நினைப்பதைவிடக் கால்பங்கு குறைத்தும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். நட்டத்தை எத்தனை ஆண்டு எடுத்துச் செல்லலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் தேய்மானத்தால் வந்த நட்டத்துக்குத் தனி விதியும் உண்டு. ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது.

6. தேதிகளைக் கவனியுங்கள்

கடன் பணம் வந்த தேதி, இயந்திரம் வந்து இறங்கிய தேதி, அது வேலை செய்யத் தொடங்கிய தேதி, மூன்றும் வேறு வேறு. தேய்மானம் பொதுவாக மூன்றாவது தேதியிலிருந்துதான் தொடங்கும். வரி ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது இயந்திரத்தைப் பெட்டியோடு இறக்கிவைத்துவிட்டு முழு ஆண்டுத் தேய்மானத்தையும் கேட்க முடியாது. பல நாடுகளில் ஆண்டின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கினால் பாதியோ, மாதக் கணக்கிலோதான் கிடைக்கும்.

கடன் வந்து, இயந்திரம் ஓடத் தொடங்கும் வரை ஓடும் வட்டியை உடனே செலவாகக் கழிக்கப் பல சட்டங்கள் விடுவதில்லை. அதை இயந்திரத்தின் விலையோடு சேர்க்கச் சொல்லும். நம் கடனில் மூன்று மாதம் தாமதமானால் அந்த வட்டி 24,000. உடனே கழிக்க முடிந்தால் அந்த ஆண்டே 6,000 வரி குறைந்திருக்கும். விலையோடு சேர்ந்துவிட்டால் அதே 6,000 ஆண்டுக்கு 1,200 வீதம் ஐந்து ஆண்டுகளில் வரும். எனவே இயந்திரம் தயாராகும் முன் கடன் பணத்தை வாங்கி வைக்காதீர்கள். விற்பவர் முன்பணம் கேட்டால் கடனைப் பகுதி பகுதியாக விடுவிக்கும்படி வங்கியிடம் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

வரியை ஆண்டு நடுவிலேயே முன்பணமாகக் கட்டும் இடங்களில், அந்தத் தவணைகளைக் கணக்கிடும்போதே வட்டியையும் தேய்மானத்தையும் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் அதிகமாகக் கட்டிவிட்டு, திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை உங்கள் கவசம் வரித்துறையிடம் இருக்கும், நீங்கள் வங்கிக்கு 12 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

7. இந்தக் காகிதங்களை ஒரே கோப்பில் வையுங்கள்

வட்டிக்கு: கடன் ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், தவணை அட்டவணை, ஆண்டு முடிவில் வங்கி தரும் வட்டிச் சான்று. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்க வேண்டும், பல இடங்களில் தானாக வராது. அட்டவணையில் இருக்கும் வட்டியும் சான்றில் இருக்கும் வட்டியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வட்டி விகிதம் நடுவில் மாறியிருந்தால் ஒத்துப்போகாது, அப்போது சான்றுதான் சரி. தாமதக் கட்டணமும் அபராத வட்டியும் தனி வரிசையில் இருக்கும், அவற்றை வட்டியோடு கூட்டும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தேய்மானத்துக்கு: உங்கள் தொழிலின் பெயரில் இருக்கும் விலைப்பட்டியல், பணம் செலுத்திய சான்று, ஏற்றிவந்த செலவு, பொருத்திய செலவு ஆகியவற்றின் பில்கள். ஏற்றுக்கூலியும் பொருத்துகூலியும் பொதுவாக இயந்திரத்தின் விலையில் சேரும், பலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள். அப்புறம், இயந்திரம் ஓடத் தொடங்கியதற்கு ஓர் ஆதாரம். பொருத்தியவர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். எனக்கு அது இல்லை. முதல் உற்பத்திப் பதிவேட்டையும் அந்த மாத மின்கட்டணத்தையும் காட்டித்தான் தேதியை நிரூபிக்க வேண்டியிருந்தது, அதற்கு மூன்று வாரம் ஆனது.

இரண்டுக்கும் பொதுவாக: பணம் போன பாதை. வங்கியிலிருந்து நேராக விற்பவருக்குப் போகும்படி கேட்டால் கேள்வியே எழாது. உங்கள் கணக்குக்கு வந்து, வேறு வரவு செலவுகளோடு கலந்து, இரண்டு மாதம் கழித்து விற்பவருக்குப் போனால், அந்த வட்டி இந்த இயந்திரத்துக்கானது என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும்.

உங்கள் புத்தகத்தில் எழுதும் தேய்மானமும் வரிக்கு எழுதும் தேய்மானமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கவசத்தைக் கணக்கிட வரிச் சட்டம் அனுமதிக்கும் விகிதம்தான் வேண்டும். ஆண்டறிக்கையில் இருக்கும் எண்ணை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

8. முன்கூட்டியே அடைக்கும் முன் இதே கணக்கைப் போடுங்கள்

இரண்டாம் ஆண்டு முடிவில் கையில் 4,00,000 சேர்ந்துவிட்டது, மீதிக் கடனும் 4,00,000. அடைத்துவிடலாமா? அடைத்தால் 48,000-உம் 24,000-உமாக 72,000 வட்டி மிச்சம் என்று வங்கி ஊழியர் சொல்வார். அதோடு 18,000 வரிக் கவசமும் போய்விடும், ஆகவே உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 54,000. முன்கூட்டி அடைப்பதற்கு 2 சதவீதக் கட்டணம் என்றால் 8,000, அதைச் செலவாகக் கழிக்க முடிந்தால் 6,000. நிகர மிச்சம் 48,000.

அதே பணத்தை 8 சதவீத வைப்பில் போடலாம் என்று தோன்றினால், 12-ஐயும் 8-ஐயும் ஒப்பிடாதீர்கள், 9-ஐயும் 8-ஐயும் ஒப்பிடாதீர்கள். வைப்பு வட்டிக்கும் 25 சதவீத வரி உண்டு, ஆகவே அது 6 சதவீதம். ஒரு பக்கம் 9, மறு பக்கம் 6, அடைப்பதுதான் லாபம். ஆனால் தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடனை அடைத்தாலும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளின் 50,000 வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கும்.